பத்துப் பேர் என்று எழுதியிருந்தது

அவளை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு ஆரஞ்சு நிற விசில் தொங்கும். மார்க்கெட்டுக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டாள். "கூட்டத்துல யாராவது வழி தவறிட்டா ஊதிக் கூப்பிடுறதுக்கா?" என்று தம்பி கேலி செய்வான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் அவள். முதலுதவிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். மலை ஏறுவது அவளுக்கு மூச்சு விடுவது போல. நாற்பதை நெருங்கும் வயதில் வேலையை விட்டுவிட்டு, வார இறுதியில் ஆட்களை மலைக்கு அழைத்துப்போய் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைக்கும் தொழிலைத் தம்பியோடு சேர்ந்து தொடங்கினாள்.

மலையில் அவள், ஊரில் அவன். முன்பதிவு, வண்டி, கணக்கு, சமூக ஊடகப் பக்கம் எல்லாம் அவன் கையில். பக்கத்தில் போடும் படங்களுக்குக் கீழே வரும் வாசகங்களை மட்டும் அவள் எழுதுவாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, டீ ஆறுவது தெரியாமல் எழுதுவாள். எழுத்து அவளுடையது, பக்கம் அவனுடையது. அந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சைக்கிள் ஓட்டவும் நீந்தவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

மழைக்காலம் முடியப்போகும் ஒரு வாரத்துக்காக அவள் எழுதிய வாசகம் இது:

"சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புகிறோம். பத்துப் பேர் மட்டும், வழிகாட்டிகள் இரண்டு பேர். பதினோராவது ஆளுக்கு அடுத்த முறை இடம் உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். பழகிய ஷூ போட்டு வாருங்கள். புது ஷூ முதல் மணி நேரத்திலேயே காலைக் கடிக்கும். டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, உலர்ந்த துணி ஒரு செட் பிளாஸ்டிக் பையில் கட்டி, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. இதய நோய், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் வழியை மாற்றுவோம், உங்களை விட்டுவிட மாட்டோம். மது கூடாது. தனியாக எங்கும் போகக் கூடாது. வழிகாட்டி சொல்லாமல் ஓடையில் இறங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு முன் நீங்கள் ரத்து செய்தால் முழுப் பணமும், மூன்று நாளுக்கு முன் என்றால் பாதியும் திரும்ப வரும். அதற்குப் பிறகு இல்லை. மழை எச்சரிக்கை வந்து நாங்கள் ரத்து செய்தால், எப்போது செய்தாலும், முழுப் பணமும் உங்களுடையது."

பத்து என்பது அவள் சும்மா போட்ட கணக்கு இல்லை. வழியில் ஓடையைக் கயிறு பிடித்துக் கடக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. ஒரு வழிகாட்டி இந்தக் கரையில், மற்றவர் அந்தக் கரையில். ஆள் கூடினால் பாதிப் பேர் யார் கண்ணிலும் படாமல் நிற்பார்கள். வனத்துறை அனுமதியும் அவ்வளவுதான்: வழிகாட்டிகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

சனிக்கிழமை விடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் பங்க் அருகே அவள் போய் நின்றாள். உடன் வரும் இன்னொரு வழிகாட்டி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பையன், கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முதலில் ஒரு கார் வந்தது. பிறகு ஒரு வேன். வேனிலிருந்து இறங்கியவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"அக்கா, இருபது பேரு மாதிரி தெரியுதே," என்றான் நெட்டை.

அவள் எண்ணிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தது. போன வருடம் வந்திருந்த நர்ஸ். இந்த முறை ஆஸ்துமா உள்ள கணவரையும் அழைத்து வந்திருந்தாள்.

"நீங்க இருக்கீங்கன்னுதான் இவர் வரேன்னாரு," என்றாள் நர்ஸ். "ஆனா இந்தத் தடவை ஆள் வரம்பே போடலையே அக்கா? ஆஸ்துமா பத்தியும் ஒரு வரி இல்ல. மழை வந்தா பணம் திரும்ப வராதுன்னு வேற போட்டிருந்தீங்க. உங்க எழுத்து மாதிரியே இல்லன்னு நெனச்சேன்."

விசில் அக்கா தன் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வாசகம் தொடங்குவது அவளுடைய வரியில்தான். பத்துப் பேர் மட்டும் என்று அவள் எழுதியிருந்த இடத்தில் 'இடங்கள் வேகமாக நிரம்புகின்றன' என்று இருந்தது. விதிகள் ஒரு வரியாகச் சுருங்கியிருந்தன. கடைசியில் அவளுடைய பெயர் அப்படியே இருந்தது.

அந்த நேரம் வானிலைத் துறையின் எச்சரிக்கையும் வந்தது. மலைப் பகுதிக்குக் கனமழை. அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மாத்துனது நீதானே?"

"கொஞ்சம் சுருக்கினேன். அவ்வளவு பெரிசா இருந்தா யாரு அக்கா படிப்பாங்க?"

"சுருக்கல. மாத்தியிருக்க."

"வனத்துறை கேட் காவலாளி நமக்குத் தெரிஞ்ச ஆளு. அனுமதி எல்லாம் பார்த்துக்கலாம். நீ கூட்டிட்டுக் கிளம்பு."

"மழை எச்சரிக்கை வந்திருக்கு."

"தினமும்தான் வருது."

அவள் போனை வைத்துவிட்டு, வந்தவர்கள் முன்னால் போய் நின்றாள். இன்று போகவில்லை என்றும், முழுப் பணமும் திரும்ப வரும் என்றும் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் புது ஷூவைக் காட்டி, இதற்காகவே வாங்கினேன் என்றார். நர்ஸ் மட்டும் அவள் கையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

வீடு வந்து சேர்வதற்குள் முன்பதிவு செய்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தம்பி செய்தி போட்டிருந்தான். 'முகாமை ரத்து செய்தது எங்கள் வழிகாட்டியின் தனிப்பட்ட முடிவு. பணம் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளவும்.' கீழே அவளுடைய எண். அன்று முழுக்கப் போன் அடித்தது. பணம் எல்லாம் தம்பியின் கணக்கில் இருந்தது; புதுக் கூடாரங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னான். அவள் தன் சேமிப்பிலிருந்து எல்லோருக்கும் திருப்பி அனுப்பினாள்.

அன்று மழையும் பெய்யவில்லை. மேகம் வந்து நின்று, மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. மாலையில் நல்ல வெயில். "பார்த்தியா?" என்றான் தம்பி. அந்த ஒரு சொல்தான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. அவன் பொய் சொன்னதைக் கூடப் பொறுத்திருப்பாள். மழை வராததில் அவனுக்கு இருந்த சந்தோஷம் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.

அவள் விலகிக்கொண்டாள். சண்டை எதுவும் போடவில்லை. நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. "கூடப் பொறந்தவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், கல்லுல எழுதி வெச்சுக்காத," என்றாள் அம்மா. எழுதி வைத்துக்கொள்ளவில்லை என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். தம்பி முகாம்களைப் பற்றிப் பேசமாட்டான். அவளும் கேட்கமாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அது பழகியும் போனது.

கோடை தொடங்கிய ஒரு பிற்பகல். ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரு சிறுமியை மிதக்கவைத்து, அவள் முதுகுக்கடியில் கையைத் தாங்கி நின்றபோது, குளத்தின் கரையில் வைத்திருந்த போன் அடித்தது. எடுத்தாள். பேசியவர் வனச்சரகர்.

"மேடம், உங்க குழுவுல ஒரு பொண்ணு ஓடைப் பாறையில வழுக்கி விழுந்துட்டா. கணுக்கால் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் நீச்சல் குளத்துல இருக்கேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அனுமதியில தலைமை வழிகாட்டின்னு உங்க பேருதானே இருக்கு? உங்க முதலுதவிச் சான்றிதழும் இணைச்சிருக்கு. இந்த சீசன் முழுக்க."

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. சிறுமியைக் கரையில் உட்காரவைத்து, இன்னொரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அடிபட்ட பெண்ணுக்குக் கல்லூரி வயதுதான். காலில் முழங்கால் வரை கட்டுப் போட்டிருந்தது. கட்டிலுக்கடியில் மெல்லிய செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. இன்னொன்று ஓடையோடு போயிருக்க வேண்டும்.

"ஷூ போட்டு வரலையாம்மா?"

"என்ன எடுத்துட்டு வரணும்னு எதுவும் போடலையே. 'நல்ல மனநிலையோடு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்'னு தான் இருந்தது." அந்தப் பெண் அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். "நீங்கதானே விசில் அக்கா? படத்துல பார்த்திருக்கேன். நீங்க வருவீங்கன்னு போட்டிருந்ததாலதான் எங்க அம்மா அனுப்பினாங்க."

அவள் அந்தப் பெண்ணின் தலையணையைச் சரி செய்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். தாய் வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தாழ்வாரத்தில் தம்பி காத்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு அவளிடம் ஓடிவரும்போது இருக்குமே, அந்த முகம்.

"அக்கா, வனச்சரகர்கிட்ட நீ அங்க இருந்தன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒரே ஒரு கையெழுத்து. இல்லன்னா எல்லாம் போயிடும்."

"என் பேரை எத்தனை தடவை போட்ட?"

"உன் பேருக்குத்தான்க்கா மரியாதை. நான் போட்டா யார் வருவா?"

அதை ஒரு பாராட்டு போலச் சொன்னான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் அங்கே நிற்கக்கூட முடியவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்டப் போய் மன்னிப்புக் கேளு," என்றாள். "கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுநாள் காலை சரக அலுவலகத்துக்குப் போய், சீசன் தொடங்கியதிலிருந்து தான் மலைக்கே வரவில்லை என்று நடந்ததைச் சொன்னாள். தன் பெயரையும் சான்றிதழையும் நீக்கச் சொன்னாள். தம்பியின் அனுமதி அந்த சீசனுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் வைத்தியச் செலவை அவன் ஏற்க வேண்டியதாயிற்று. கூடாரங்களை விற்றுக் கட்டினான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சாப்பிட வருவதில்லை. அம்மா இரண்டு தட்டு மட்டும் வைக்கப் பழகிக்கொண்டாள். ஒரு நாள் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அவன் உன் தம்பிடி. கொஞ்சம் கண்டுக்காம இருந்திருக்கலாமே?"

"இத்தனை வருஷமும் கண்டுக்காமதானேம்மா இருந்தேன்."

மகள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டாள். மாலை வகுப்புக்கு நேரமாகியிருந்தது. முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கப்போகும் குழந்தைகள் அன்று நிறையப் பேர் வருவார்கள்.