கொளஞ்சியம்மா கழிச்ச மூட்டைங்க

கூட்டுறவு நிலவள பேங்குக்கு எதிர்த்தாப்புல இருக்குது என் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பேரு ஹிதாயத்துல்லா. விருத்தாசலத்துல பாய்னாதான் தெரியும். லோன் மனு அடிச்சே வெரல் தேஞ்சவன் நான். ஆனா கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சியம்மா மாதிரி என்னை டென்ஷன் பண்ண ஆளு கெடையாது.

புருஷன் இல்ல. எட்டு ஏக்கரு, ஒரு போர் கெணறு, நெல்லும் மல்லாட்டைங்கற வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும். ஊருல டிராக்டர் வச்சிருந்த அர்ச்சுனன் எல்லாரு நெலத்தையும் ஓட்டி முடிச்சிட்டுத்தான் இந்தம்மா நெலத்துக்கு வருவான். கேட்டா, "நாளைக்கு வரேன்க்கா"ம்பான். 2005ல அப்படியே நாள் தள்ளிப்போயி, பின்னால வெதச்ச நெல்லு பூ பிடிக்கிற நேரம் மழையில மாட்டிக்கிச்சு. பாதி பதரு. மறு வருஷம் நேரா என் கடைக்கு வந்து நின்னாங்க.

"பாய், மேனேஜரம்மாவுக்கு ஒரு லெட்டரு அடிங்க. எனக்கு டிராக்டர் வேணும்."

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம், கம்பெனி கொட்டேஷன் எல்லாம் சரியா இருந்துச்சு. மார்க்கெட் கமிட்டியில மூட்டை போட்ட சீட்டும் கரும்பு பில்லும் மூணு வருஷத்துக்கு இருந்துச்சு. வருஷத்துக்குச் சராசரி போட்டு, வெத, உரம், கூலி, வூட்டுச் செலவு எல்லாம் கழிச்சேன். எண்பத்து மூவாயிரம் நின்னுச்சு. லோன் கிஸ்தி வட்டியோட வருஷம் எழுபதாயிரம். "தாராளமா கட்டலாம்மா, லோன் வந்துட்டதா வச்சுக்கோங்க"ன்னேன்.

இந்தம்மா மொகத்துல சந்தோஷமே இல்ல. "அத்தினி வராதே பாய்"னாங்க. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "ஐயய்யோ! இதுல எங்கூரு மாயவன், இன்னும் சில பேரு மூட்டையும் சேந்திருக்குது."

அந்த ஊருல அது வழக்கம். அஞ்சு பத்து மூட்டை வச்சிருக்குறவன் தனியா டெம்போ புடிச்சா கட்டுப்படியாகாது. நாலு பேரு மூட்டையை ஒண்ணா ஏத்தி, ஒருத்தர் பேருல எடை போட்டு, பணம் வந்ததும் பிரிச்சுக்குவாங்க. சீட்டுல மட்டும் ஒரே பேரு.

"சீட்டுல உங்க பேருதானே இருக்குது? யாரு வந்து கேக்கப் போறா?"ன்னேன்.

"நெலத்தை அடமானம் எழுதிக் குடுக்கப் போறவ நான். இல்லாத வருமானத்தை எழுதிட்டா கிஸ்தியை எதுல கட்டுவேன்? நெலமே போயிடும். கழிங்க பாய்."

வயித்தெரிச்சலோட கழிச்சேன். அம்பத்து நாலாயிரம். கிஸ்திக்குப் பதினாறாயிரம் கொறச்சல். அப்படியே அடிச்சு, ஏன் கழிச்சோம்ங்கறதையும் எழுதி, மனசு கேக்காம நானும் கூடவே போனேன்.

மேனேஜர் செல்வநாயகி மேடம் கண்டிப்பான ஆளு. லெட்டரை ரெண்டு தடவை படிச்சாங்க. "இந்த வருமானத்துக்குக் குடுக்க முடியாதும்மா"ன்னாங்க. கொளஞ்சியம்மா முந்தானையால மொகத்தைத் தொடச்சுக்கிட்டாங்க.

மேடம் பேப்பரைக் கீழ வைக்கல. "டிராக்டர் வந்தா உங்க உழவு கூலி மிச்சம். அதை எழுதலயே? வெளியில வாடகைக்கு ஓட்டுவீங்களா?"

"கூப்புட்டா ஓட்டுறதுதான் மேடம். வராத காசை எப்படி எழுதுறது?"

"கூப்புடுறவங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். எங்க சூப்பர்வைசர் ஊருக்கு வந்து விசாரிப்பாரு. சரியா இருந்தா அதையும் வருமானத்துல சேக்கலாம்."

மூணாம் நாளு கடையைத் தொறக்கறேன், வாசல்ல பத்து பேரு. முன்னால மாயவன். ரெண்டரை ஏக்கரு குத்தகைக்காரன். "பாய், எங்க மூட்டையைக் கழிச்சதுல அக்காவுக்கு லோன் நின்னுபோச்சாமே? நாங்களும் அர்ச்சுனனுக்குக் கடைசி ஆளுங்கதான். அக்கா டிராக்டருதான் இனி எங்களுக்கு. எழுதுங்க." பத்து பேரு நெலத்துக்கும் வருஷத்துக்கு எரநூறு மணி ஓட்டம். டீசலு, டிரைவர் கூலி போக மணிக்கு நூறு ரூபா நிக்கும். சொந்த உழவுல மிச்சமாகுறதும் சேந்து கிஸ்தியைத் தாண்டிடுச்சு. அன்னைக்கு டைப்பிங் காசு வாங்கல. வாங்க மனசு வரல, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் வந்து பாத்தாரு, பத்திரம் பதிஞ்சாங்க, கொளஞ்சியம்மா தன் பங்குக்குக் கைக்காசு போட்டாங்க, லோன் வந்துச்சு. மொத உழவுக்கு என்னையும் கூப்புட்டாங்க. போயி நின்னா, டிராக்டர் மாயவன் குத்தகை நெலத்துல ஓடிக்கிட்டு இருக்குது. பத்து பேரு நெலமும் முடிஞ்சாத்தான் சொந்த நெலமாம். எனக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு.

"என்னம்மா இது? சொந்த டிராக்டர் வந்தும் நீங்கதான் கடைசியா?"

"ஆமா பாய். இந்தத் தடவ கடைசியா நிக்கிறேன்னு நானே சொன்னது"ன்னு சொல்லிட்டு, டிரைவருக்கு டீ எடுத்துக்கிட்டு வரப்புல போயிட்டாங்க.