பல்பொடித் தாலாட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். இசையமைப்பாளர் புது மெட்டுப் போட்டதும், அது ஊரறிந்த பாட்டு எதன் மேலாவது இடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சொல்லையும் தாளக்கட்டையும் உரித்துப் போட்டுவிட்டு வெறும் சுரமாகப் பாடிப் பார்ப்பார். வேகத்தைக் கூட்டிப் பார்ப்பார், குறைத்துப் பார்ப்பார். ராகம் ஒன்றாயிருந்தால் குற்றமில்லை, ராகம் பொதுச்சொத்து. சுரங்கள் போகிற வழியும் ஒவ்வொன்றும் நிற்கிற நேரமும் ஒத்துப்போனால்தான் வம்பு.

ஆளுக்கு மூக்கு கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கீபோர்டு வாசிக்கும் பெண் ஒருமுறை ஆசையாக ஒரு மெட்டுக் கொண்டுவந்தாள். அவர் அதையும் ஒரு பழைய பாட்டையும் ஸ்பீக்கரில் அடுத்தடுத்துப் போட்டு, "மாவு பக்கத்து வீட்டுது, தோசைதான் தங்கச்சியுது" என்றார். கூடமே சிரித்தது. அவள் அதற்குப்பின் மெட்டே போடவில்லை.

இந்த லட்சணத்தில் அவருடைய மெட்டே ஒரு படத்துக்குத் தேர்வானது. தாலாட்டு. முதன்முதலாக அவர் பெயரில் வரப்போகிற பாட்டு. மனைவி தன் அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஊரார் மெட்டையெல்லாம் உரித்துப் பார்த்த மனிதர் தன்னுடையதை உரிக்கவில்லை. நெஞ்சிலிருந்து வந்தது, அதற்கென்ன சோதனை என்கிற திமிர்தான், வேறென்ன?

பாடகி வந்து காத்திருந்தார். அப்போது கீபோர்டுப் பெண் தன் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

"அண்ணே, இதக் கொஞ்சம் கேளுங்க."

அவருடைய தாலாட்டேதான். சுருதியை ஏற்றி, வேகத்தை இரண்டு மடங்காக்கியிருந்தாள். சிறுபிள்ளைகூடப் பாடும் பல்பொடி விளம்பரம் காதுக்குள் குதித்தது. முதல் வரி முழுக்க, சுரத்துக்குச் சுரம், அசைவுக்கு அசைவு. அவருக்குக் காது மடல் சுட்டது.

"வேற யாருக்கும் தெரியாதுண்ணே. நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க."

சொல்லாமல் விட்டால் பாட்டு பிழைக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே அவமானமாக இருந்தது. உள்ளே போனார். "சார், என் மெட்டு பல்பொடி விளம்பரம் சார். நான் சோதிக்கல" என்றார். இசையமைப்பாளர் பாடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கேவாய்யா? சரி விடு, வேற மெட்டு போட்டுக்கலாம்" என்றார். அந்த வேறு மெட்டை யார் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வெளியே வந்தவர் கீபோர்டுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கலாமேம்மா. நான் உனக்குப் பண்ணினதுக்குச் சரியாப் போயிருக்கும்."

அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெட்போன் அன்னிக்கும் இங்கதாண்ணே இருந்துச்சு" என்றாள்.