பொறுமையைப் போதித்த ஏலக்காரர்

பரவும் படங்களைச் சரிபார்ப்பதுதான் செய்தித் தளத்தில் என் வேலை. ஒருநாள், பொறுமை பற்றி ஒரு கிரேக்க ஞானி சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு பொன்மொழி வந்தது. பக்கத்துப் படத்தில் வெள்ளைத் தாடியோடு இருந்தவரோ எங்கள் ராயபுரம் மீன் ஏலக்காரர்! போன ஞாயிறுதான், இறாலைத் தொட்டுப் பார்த்ததற்கு என்னைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார்.

முகம் தெரியும் என்பது ஆதாரமாகாது. இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினேன். ஒரு பழைய மீன்சந்தைச் செய்தியில், வெட்டப்படாத அசல் படம் கிடைத்தது. ஞானியின் கையில் வஞ்சிரம்.

அவரிடமே காட்டினேன்.

"இன்னாது, நான் பொறுமைசாலியா? இத்தப் பாத்தா நாளைக்கு ஏலத்துல எவன் என்னை மதிப்பான்? பொய்யின்னு சீக்கிரம் போடு!"

எழுதி முடிப்பதற்குள் ஐந்து முறை போனில் திட்டினார். வஞ்சிரத்தைவிட வலுவான ஆதாரம் அது. கட்டுரையில்தான் சேர்க்க முடியவில்லை. ஒரு வார்த்தைகூட அச்சில் ஏறாது.