ஏழு பில்கள் கூடுதல்

ஓசூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் கடையும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு எழுதினேன். மே மாதம் வந்தால், வருடம் முழுக்கப் போட்ட விற்பனை பில்களையும் மாதாமாதம் தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் ஒத்துப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தொட்டால் கண் பாதி மூடிக்கொள்ளும். லேத் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். பில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் மெல்ல ஊர்ந்து போகும். அந்த மயக்கம் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

அன்று அது கலைந்தது. ரிட்டர்னில் ஏழு பில்கள் கூடுதல். எங்கள் கணக்கில் அவை இல்லவே இல்லை.

"சரக்கு போயிருக்கு, கணக்குல இல்ல. லாரி ஏத்துறவன்தான் வித்துத் தின்னுட்டான். சாயங்காலமே அவனுக்குக் கணக்கு முடிச்சிருங்க," என்றார் முதலாளி.

பில் போட்டு வரியும் கட்டி எவன் திருடுவான்? அந்தச் சின்ன யோசனைகூட எனக்கு வரவில்லை. பதினோரு வருடமாகச் சரக்கு ஏற்றி அனுப்பும் ராயக்கோட்டை அண்ணனை நானும் திருடனாகவே நினைத்தேன். மகளைக் கல்லூரியில் சேர்க்க அந்த வாரம்தான் அட்வான்ஸ் கேட்டிருந்தார். அதுவும் எனக்குச் சாட்சியாகப் பட்டது. சீ!

ஏழு எண்களையும் எழுதி அண்ணனிடம் நீட்டினேன்.

"இதுவா? பெங்களூர் கம்பெனி வாசல்லயே அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்புனதும்மா. சரி பண்ணி வேற பில்லுல மறுபடி அனுப்புனோமே. பழைய பில்ல உங்க டேபிள்லதான வெச்சேன்?"

திரும்பி வந்த பில்லை எங்கள் கணக்கிலிருந்து அழித்துவிடுவது என் வழக்கம். ஆனால் அது ஏற்கெனவே அரசாங்கத்தின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவானது. அங்கே ரத்து செய்ய இருபத்துநாலு மணி நேரம்தான். அந்தக் கம்பெனி வாசலில் வரிசையில் கிடந்து எங்கள் லாரி திரும்பவே இரண்டு நாள் ஆகும். நான் அழித்ததெல்லாம் ரிட்டர்னில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அரைத் தூக்கத்தில் அப்படியே தாக்கல் செய்திருக்கிறேன். ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி.

முதலாளியிடம் போய், "சார், திருட்டு இல்ல. நான்தான் அழிச்சேன். திரும்பி வந்த சரக்குக்கு வரியக் கழிக்கக் கிரெடிட் நோட் போட்டிருக்கணும், போடல," என்றேன்.

"நவம்பருக்குள்ள போட்டா வரி சரியாயிடும்ல? போடுங்க," என்றார். அவ்வளவுதான். திட்டுக்கூட இல்லை.

வெளியே அண்ணன் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நீங்களும் நம்புனீங்களாம்மா?"

"நம்புனேண்ணா," என்றேன்.

அவர் மகளுக்குச் சீட்டு கிடைத்தது, ஸ்வீட்டும் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு திரும்பி வந்த ஒவ்வொரு பில்லுக்கும், ஒரு நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.