சந்தில் நின்ற தண்ணீர்

என் கோபத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாக்கடை அடைத்துக் கிடந்த அந்தப் பன்னிரண்டு நாளும் நான் போட்ட சத்தம் நாமகிரிப்பேட்டை சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அப்போது கோபம் ஒரு ஆள் மேல், இப்போது வேறு ஆள் மேல்.

எங்கள் வீடும் பக்கத்து அக்கா வீடும் ஒரே ஆளிடம் வாங்கியவை. அவளுடையது முன் தெருவைப் பார்த்த வீடு. எங்களுடையது அதன் பின்னால், பின் தெருவைப் பார்த்தது. பின் தெரு மேடு. அதனால் எங்கள் குளியலறைத் தண்ணீர் அவள் வீட்டை ஒட்டிய மூன்றடிச் சந்தில் ஒரு சின்னச் சாக்கடை வழியாக ஓடி முன் தெருவுக்குப் போகும். நடுவழியில் அவள் சமையலறைத் தண்ணீரும் அதில் வந்து சேரும். அந்தச் சந்து யாருடையது என்று வீடு வாங்கிய புதிதில் ஒரு சண்டை போட்டோம். சர்வேயர் வந்து அளந்து அவளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோல்வியை நான் மறக்கவேயில்லை.

அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். அவர் ஊருக்கு வந்திருந்தபோது பைக் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று சந்து முழுக்கச் சாக்கடைக்கு மேல் தகரம் பரப்பி கான்கிரீட் போட்டார்கள். அதற்கடுத்த மாதம் எங்கள் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது.

நின்றது வெறும் தண்ணீராக இருந்தால் பொறுத்திருப்பேன். லாரி ஓட்டிய என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. வலது கால் பெருவிரலில் புண். சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "காலு ஈரமாகவே கூடாதும்மா. அழுக்குத் தண்ணி பட்டா விரலு போயிடும்." தினமும் நான்தான் கட்டு மாற்றுவேன். அந்த மனுஷன் இப்போது காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கறுப்புத் தண்ணீருக்கு நடுவே செங்கல் மேல் நின்று குளித்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது.

நேராகப் போய்க் கேட்டேன். "ஏனுங்க்கா, உங்க சந்துல அடைச்சிருக்குது. நோண்டி உடுங்க."

"தண்ணி உன்றது. நீ நோண்டு. ஆனா என்ற கான்கிரீட்ல கை வெக்கக் கூடாது" என்றாள்.

"சந்து எனக்கு எனக்குன்னு அளந்து வாங்கினீங்கல்ல? அப்ப அதுல ஓடற சாக்கடையும் உங்களுதுதான்!"

கடப்பாரையோடு போனேன். அவள் கான்கிரீட் மேல் ஏறி நின்றுகொண்டாள். "அடிச்சா என்ற கால் மேல அடி" என்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார். "கான்கிரீட்ட உடைக்கவே வேண்டாம். நம்ம பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் பட்டைய உட்டுக் குத்திப் பாக்கலாம் புள்ள. ஆள் கூட்டியாரட்டுமா?"

நான் அவர் மேல் பாய்ந்தேன். "ஒரு குத்து நம்ம கையால உழுந்துச்சுன்னா, காலத்துக்கும் அது நம்ம வேலைன்னு ஆயிரும். அவதான் பண்ணோணும். கம்முனு இருங்க." அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அவள் எங்கள் மேல் முதலில் மனுக் கொடுத்தாளோ நான் அவள் மேல் கொடுத்தேனோ, இரண்டும் ஒரே நாளில்தான் போயின. பன்னிரண்டாம் நாள் இலவச சட்ட உதவி மையத்திலிருந்து சமரசம் பேச ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இவளா தீர்க்கப் போகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"நான் தீர்ப்புச் சொல்ல வரலீங்க. பார்த்ததைச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எழுதிக் கையெழுத்து வாங்கிக்குவேன்" என்றாள். இரண்டு பேரின் கிரயப் பத்திரத்தையும் கேட்டாள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி மஞ்சள் தூளும்.

முதலில் தெருச் சாக்கடையைப் பார்த்தாள். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "தெருவுல விழுந்ததுக்கப்புறம் பேரூராட்சி பொறுப்பு. அங்க அடைப்பில்ல." பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீரை அக்காவின் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் மஞ்சள் வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த வாளி எங்கள் குளியலறையில். ஒரு சொட்டு மஞ்சள் வெளியே வரவில்லை.

"அப்ப அடைப்பு உங்க சுவத்துக்கும் அவங்க சமையலறைக் குழாய் சேர்ற இடத்துக்கும் நடுவுல" என்றாள்.

"அது அவ இடந்தானுங்க!" என்று கத்தினேன்.

அவள் என் பத்திரத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினாள். 'சந்தில் உள்ள ஜலதாரை வழியாகக் கழிவுநீர் விட்டுக்கொள்ளும் பாத்தியம் சேர்ந்தது.' எத்தனை தடவை பீரோவைத் திறந்திருப்பேன், அந்த வரியை ஒரு தடவை படித்ததில்லை.

"இடம் அவங்களுது. ஜலதாரைங்கற இந்தச் சாக்கடையில தண்ணி உடற பாத்தியம், அதாவது உரிமை, உங்களுது. பாத்தியம் யாருக்கோ, அதைச் சுத்தமா வெச்சுக்கற வேலையும் செலவும் அவங்களுக்குத்தானுங்க. இடத்துக்காரங்க உங்களுக்காக நோண்டிக் கொடுக்கோணும்னு இல்ல."

அக்கா முகம் மலர்ந்தது. அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சிரிக்காதீங்கம்மா. இடம் உங்களுதுன்னாலும் அந்தப் பாத்தியத்தைத் தடுக்கற மாதிரி ஒண்ணும் கட்டக் கூடாது. சுத்தம் பண்ண வந்தா உள்ள உடோணும். திறக்க வழியில்லாம மூடினது உங்க தப்பு. உங்க குழாய் சேர்ற இடத்துக்குக் கீழ ரெண்டு பேர் தண்ணியும் ஓடுது. அங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கோணும்."

ஒரு ஆளைக் கூப்பிட்டு, எங்கள் பக்கத்து ஓட்டை வழியாக மூங்கில் பட்டையால் குத்திப் பார்க்கச் சொன்னாள். எட்டடியில் முட்டியது. அதே எட்டடியைக் கான்கிரீட் மேல் அளந்து சாக்பீஸால் கோடு போட்டாள். இந்தத் தடவை அக்கா வழிவிட்டாள். அந்த ஆளே உடைத்தான்.

தகரத்தின் இடுக்கில் ஒழுகிய சிமெண்ட் பால் சாக்கடையின் அடியில் கட்டியாக இறுகியிருந்தது. "பாத்தீங்களா!" என்று கை தட்டினேன். ஆள் அந்தக் கட்டியில் சிக்கியிருந்ததை வாரி வெளியே போட்டான். பஞ்சு. கட்டுத் துணி. மஞ்சள் மருந்தின் கறை இன்னும் போகாத, என் கையால் சுற்றி, என் கையால் அவிழ்த்து, சோம்பேறித்தனத்தில் குளியலறை ஓட்டையில் தள்ளிவிட்ட துணிகள்.

நான் தட்டிய கையை இறக்கினேன்.

கட்டியை உடைத்து எடுப்பது, திறக்கிற மாதிரி இரண்டு இடத்தில் மூடி வைப்பது அக்கா பொறுப்பு. அடைத்ததை அள்ளுவதும் இனிமேல் அவள் குழாய் வரைக்கும் உள்ள மேல்பாகத்தைச் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மொத்தம் ஒரு மணி நேர வேலை. அந்தப் பஞ்சை எடுக்கக் கான்கிரீட் உடைக்கவே தேவையிருந்திருக்காது, பட்டையை இரண்டு தடவை நன்றாகக் குத்தியிருந்தால் போயிருக்கும் என்று அந்த ஆள் போகிற போக்கில் சொன்னான். அவனை அறையலாம் போலிருந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

மனுவுக்கு அலைந்ததில் மூன்று நாளாகக் கட்டைப் பிரிக்கவே இல்லை; அடுத்த நாள் சேலம் போனோம். கட்டைப் பிரித்ததும் டாக்டரின் முகம் மாறியது. விரல் கறுத்திருந்தது. எடுத்தாக வேண்டும் என்றார்.

"தண்ணி படக்கூடாதுன்னு அத்தன தடவை சொன்னேனே. எங்கிருந்துய்யா வந்துச்சு?"

எனக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது. "பக்கத்து ஊட்டுக்காரி..." என்று ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தபடியே சொன்னார். "எங்க ஊட்டுத் தண்ணிதானுங்க டாக்டர்."