மார்கழிக்கு முன் ஒரு பாடம்

கார் ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் ஒன்று தொடங்கப் போகிறேன் என்று சொன்னபோது என் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "முக்குக்கு மூண்டு லேனர்ஸ் இரிக்கு. நீ நாலாவதா?" என்றான். பெண்களுக்குப் பெண்ணே கார் பழக்கும் இடம் எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லையே என்றேன். அதற்கு அவனிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாதவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வத்தோடுதான் நாவற்குடாவில் பலகை மாட்டினேன்.

பல வருடங்களாக ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்துக்கு வாகனம் ஓட்டியவள் நான். திட்டம் முடிந்ததும் கையில் ஒரு தொகையைத் தந்து அனுப்பிவிட்டார்கள். அது ஒரு காரின் முற்பணத்துக்குத்தான் காணும். இந்த நாட்டில் பழைய கார்கூட யானை விலை. மிச்சத்துக்கு லீசிங் கடன், மாதாமாதம் தவணை. பயிற்றுநர் பக்கத்துக்கு இரண்டாவது பிரேக் பொருத்த கராஜ்காரன் ஒரு கிழமை இழுத்தடித்தான். அந்தக் கிழமைக்கும் லீசிங் நடந்தது. மழை பெய்தாலும் திருவிழா வந்தாலும் ஒரு கடை மூடாது என்றால் அது லீசிங் கடைதான்.

காப்புறுதியில் மட்டும் நான் குறுக்குவழி தேடவில்லை. சொந்தப் பாவனை என்று எழுதினால் கட்டணம் குறைவு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பலர் காதில் ஓதினார்கள். நான் பயிற்சி வாகனம் என்றே எழுதினேன். கட்டணம் ஏறியது. காப்புறுதி முகவர் ஒன்றை இரண்டு தரம் சொன்னார்: ஓட்டுபவரிடம் பழகுபவருக்கான எல் பெர்மிட் இருக்க வேண்டும், அனுமதி பெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஒரு சதமும் வராது.

எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும். ஆனால் பழக்குவதற்குத் தனி அனுமதி வேண்டும், அது என்னிடம் இல்லை. அது இருந்த ஒருத்தி வேறொரு லேனர்ஸில் ஆண்களுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பிள்ளைகள். கணவன் கட்டார் போய்க் காசும் அனுப்பாமல் கதையும் இல்லாமல் இருந்தான். மாதச் சம்பளம் கேட்டாள். என்னால் முடியவில்லை. பாடத்துக்கு இவ்வளவு என்று பேசினோம். பாடம் நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. "சரிக்கா, பாப்பம்" என்று வந்துவிட்டாள்.

ஐப்பசியில் ஆட்கள் வந்தார்கள். ஆசிரியைகள், தாதிகள், வந்தாறுமூலை கம்பஸில் படிக்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் பின்னேரம் நாலு மணிதான் வேண்டும். கார் ஒன்று, நாலு மணியும் ஒன்று. காலையில் கார் வெயில் காயும், பின்னேரத்தில் ஆட்கள் அடிபடுவார்கள். நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டு எனக்குத் தலை வெடிக்கும். அந்தத் தலைவெடிப்பும் கார்த்திகை மழையோடு போய்விட்டது. தாளங்குடாப் பக்கம் றோட்டில் வெள்ளம் நின்றது. "மிஸ், இண்டைக்கு வேணாம்" என்று காலையிலேயே போன் வரும். என் பயிற்றுநர் அலுவலகக் கதிரையில் இருந்து மழையைப் பார்ப்பாள். அவளுக்கு அன்றைய நாள் வெறும் நாள். அவள் முகத்தை நான் பார்க்கமாட்டேன்.

கார்த்திகை கடைசி நாளும் மழைதான். நாலு மணிக்கு இருந்த ஆசிரியை வரவில்லை. நான் லீசிங் கந்தோருக்குப் போயிருந்தேன், தவணைக்கு இரண்டு கிழமை தள்ளித் தரும்படி கெஞ்ச. அந்த நேரத்தில் ஒரு கம்பஸ் பிள்ளையும் தாயும் வந்திருக்கிறார்கள். பிள்ளை பதிந்துவிட்டாள், ஆனால் எழுத்துச் சோதனை அடுத்த கிழமைதான். பெர்மிட் அதன் பிறகுதான் வரும். தாய்க்கு வேறு கவலை. விடிந்தால் மார்கழி. மார்கழியில் ஒன்றும் தொடங்கக் கூடாது. பிறகு தை பிறக்க வேண்டும், அதற்குள் பிள்ளையின் விடுமுறை முடிந்துவிடும். "பேருக்கு ஒருக்கா ஸ்டியரிங்கப் பிடிச்சுத் தொடங்கட்டும் பிள்ள, பிறகு ஆறுதலாப் பழகலாம்" என்று கேட்டிருக்கிறாள். பாடக் காசையும் நீட்டியிருக்கிறாள்.

சும்மா கிடந்த நாலு மணி. வெறும் நாள். என் பயிற்றுநர் ஓம் என்றுவிட்டாள்.

வாவிக்கரை றோட்டில் ஆட்கள் இல்லை. பேருக்கு என்று தொடங்கியது மதகுவரை போயிருக்கிறது. எதிரே மாடொன்று வர, பிள்ளை பயந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, பிரேக் என்று எண்ணி அக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். இவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தும் ஈரத்தில் கார் வழுக்கி மதகுக் கட்டில் இடதுபக்கமாய் மோதியது. பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. இவளுடைய இடது கை முறிந்துவிட்டது.

போன் வந்து நான் ஓட்டோவில் போய் இறங்கியபோது காப்புறுதிக்காரர் மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னமே வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். காரின் இடது முன்பக்கம் உள்ளே போய், ரேடியேட்டர் தண்ணீர் றோட்டில் ஓடியது. பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்து அழுதாள். என் பயிற்றுநர் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான்தான் ஓடினதெண்டு சொல்லிட்டன். என்னட்ட லைசன்ஸ் இரிக்குத்தானே. நீங்களும் அப்பிடியே சொல்லுங்க. கார் வந்திரும்."

காப்புறுதிக்காரர் என்னிடம் வந்தார். "ஓனர் நீங்கதானே? இந்த மிஸ்தான் ஓடினவவா?" என்று கேட்டார். பொல்லாத ஆள் இல்லை. ஓம் என்ற ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல்தான் நின்றார்.

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். கார் வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வலப்பக்கம் இருந்து ஓட்டியவளுக்கு இடது கை எப்படி முறிந்தது என்று கந்தோரில் ஒருவர் கேட்டால் பொய் சொன்னவள் அவள்தானே. கார் போகும், அவளுடைய பயிற்றுநர் அனுமதியும் போகும், பொலிசும் வரும். அதோடு எனக்குக் கோபமும் வந்தது. நேராகக் கட்டணம் கட்டி நேராக நடந்த என்னைக் கடைசியில் பொய்யில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்ற கோபம். "இல்ல. அந்தப் பிள்ளதான் ஓடினது. பெர்மிட் இல்ல" என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "பிறகு நான் ஒண்டும் செய்யேலாது அக்கா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

திருத்தக் கேட்ட காசு, முற்பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. தையில் லீசிங்காரர்கள் உடைந்த காரை உடைந்தபடியே கட்டி இழுத்துப் போனார்கள். பதிந்த பெண்களை வேறு லேனர்ஸ்களுக்கு அனுப்பினேன். அந்தக் கம்பஸ் பிள்ளையும் அதில் ஒருத்தி. பலகையைக் கழற்ற அண்ணன் வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் பயிற்றுநரைப் பார்க்கப் போக எனக்குத் துணிவு வரப் பல நாள் பிடித்தது. கையில் கட்டோடு வாசலில் நின்றாள். பழைய லேனர்ஸில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மாவும் பருப்பும் பால்மாவும் வாங்கிப் போயிருந்தேன். வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"உன்ட லைசன்ஸ் போயிருமெண்டு பயந்துதான் சொன்னன்" என்றேன்.

"லைசன்ஸ் இரிக்குத்தான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஓட கார் இல்ல, பிடிக்கக் கை இல்ல. உங்கட உண்மைய வச்சு நான் என்னத்தக்கா ஆக்குற?"

உள்ளே அவளுடைய சின்னவள் பால்மாப் பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. வாறன் என்று சொன்னேன். அவள் ஓம் என்று சொல்லவில்லை.