இருபது கண்டிக்கு மேல் வேண்டாம்

1939 டிசம்பரில் கிருபாகரன் சம்பாதித்த லாபம் எண்ணூறு ரூபாய். கீழமாசி வீதியில் இருபத்தேழு வருஷமாகப் பஞ்சு வாயிதா பேரம், அதாவது பின்தேதிக்கு விலை பேசி வாங்கி விற்கும் பேரம், செய்துவந்த சொக்கநாதன், எந்த ஒரு மாதத்திலும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை.

கிருபாகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் பேரத்துக்கு வந்தவன். பேரத்தின் நெளிவு சுளிவுகளை அவனுக்குக் காட்டியவரே சொக்கநாதன்தான். அதனால்தான் வயிறு இன்னும் கூடுதலாக எரிந்தது.

காப்பிக் கடையில் அன்று எல்லோருக்கும் கிருபாகரன் செலவுதான்.

"அண்ணே, நீங்க இன்னும் இருபது கண்டியிலேயே உக்காந்திருக்கீக. நான் திங்கக்கிழமை நூறு கண்டி வாங்கப் போறேன்."

"அம்புட்டா மாப்ள?" என்றார் தரகர் மொக்கைச்சாமி. அவருக்குப் பஞ்சு எடையான கண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று தரகு. நூறு என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கு, வாங்கு. மகராசனா வாங்கு" என்றார் சொக்கநாதன். காப்பி கசந்தது.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி சாவித்ரி பார்த்துவிட்டு, "அந்த வாத்தியாருக்கு லாபம் வந்தா உங்களுக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?" என்றாள்.

"அவன் நூறு கண்டி வாங்கினா முழுகிப்போவான்டி."

"அதை அவருகிட்ட சொன்னீகளா?"

"இல்ல."

"ஏன்?"

சொக்கநாதன் சோற்றை மறுபடி பிசைந்தார். அவன் முழுகுவதை அவர் மனத்துக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். இரண்டு தடவையும் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு காலை, கிருபாகரன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், காகிதத்தை எடுத்தார். நேரில் பேசினால் வாய் குத்தலாகத்தான் பேசும் என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி கிருபாகரனுக்கு, சொக்கநாதன் எழுதுவது.

உன் எண்ணூறு ரூபாய் எப்படி வந்தது என்று யோசி. இருபது கண்டி வாங்கிய மூன்றாம் நாளே, கண்டிக்கு ஐந்து ரூபாய் ஏறியதும் விற்கத்தான் போனாய். மொக்கைச்சாமிக்குக் காய்ச்சல்; கடை பூட்டியிருந்தது. அவர் எழுந்து வருவதற்குள் பம்பாயில் விலை கண்டிக்கு நாற்பது ஏறிவிட்டது. லாபம் சம்பாதித்தது உன் கணிப்பு அல்ல, அவருடைய காய்ச்சல். அடுத்த மாதமும் அவருக்குக் காய்ச்சல் வருமா?

உன்னிடம் முதல் ஆயிரத்து ஐந்நூறு, லாபத்தோடு இரண்டாயிரத்து முந்நூறு. இருபது கண்டி வைத்திருக்கும்போது விலை இருபத்தைந்து ரூபாய் இறங்கினால் ஐந்நூறு போகும்; மீதியை வைத்துப் பிழைத்துக்கொள்வாய். நூறு கண்டியில் அதே இறக்கம் வந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு. உன் கையில் இருப்பதைவிட அதிகம். ஜெயித்தது சின்னப் பேரத்தில், தோற்பது பெரிய பேரத்தில் என்றால், பாதி மாதம் ஜெயித்தாலும் நீ மிஞ்ச மாட்டாய். ஒரு மாதத்தை வைத்து உன் கை எப்படி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு வருஷம் இதே இருபதில் செய்து பார். நல்லது கெட்டது எல்லாம் கழித்து லாபம் நின்றால், அப்போது கொஞ்சம் ஏற்று.

எனக்குப் பொறாமை என்று கடையில் சொல்வார்கள். ஆமாம், பொறாமைதான். ஆனால் பொறாமைக்காரன் இதை எழுத மாட்டான். வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். நேற்று முழுக்க நான் அதைத்தான் செய்தேன்."

அவன் திரும்புவதற்குள் கடிதத்தை அவன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை கிருபாகரன் அதைப் பையில் வைத்துக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்தான். சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரிப்பான் என்று சொக்கநாதன் காத்திருந்தார். அவன் படிக்கவில்லை.

"என்ன மாப்ள, நூறுதானே?" என்றார் மொக்கைச்சாமி.

"இருபது."

"என்னப்பா, பொசுக்குனு இறங்கிட்ட?"

"உங்களுக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சுல்ல, அதான்."

ஜனவரி மூன்றாம் வாரம் பம்பாயிலிருந்து விலைத் தந்திகள் வரிசையாக வந்தன. கண்டிக்கு இருபத்தைந்து ரூபாய் சரிந்தது. கிருபாகரனுக்கு ஐந்நூறு போனது. சொக்கநாதனுக்கும் ஐந்நூறு போனது. சொக்கநாதன் மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் காப்பிக் கடைக்குப் போனபோது, கிருபாகரன் யாரிடமோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே! இன்னைக்குக் காப்பிக் காசு உங்களோடது. நான் இளைச்சுப்போயிருக்கேன்."

இழந்த பிறகும் இப்படிச் சிரிக்க இவனுக்கு எங்கிருந்து வருகிறது? சொக்கநாதனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எண்ணூறு ரூபாய்க்கு எரிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

காப்பிக்குக் காசு கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை இருவரும் மொக்கைச்சாமியிடம் ஆளுக்கு இருபது கண்டி வாங்கினார்கள்.